விடுபட்ட ஆறாவது குறிப்பு

சங்கரன்கோவிலில் எந்த வேலைக்கு விண்ணப்பம் போடுவதானாலும் ராஜகுமாரி கடைக்குத்தான் போவார்கள். பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில், பாத்திரக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிற கடை அது. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். காற்றுக் காலத்தில் கதவைத் திறந்து வைத்தால் காகிதமெல்லாம் தெருவுக்குப் போய்விடும் என்பதால் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு கல்லை வைத்திருப்பாள்.

ராஜகுமாரிக்கு நாற்பத்திநாலு வயது. பி.எஸ்ஸி. கணக்கு, பி.எட். முடித்து, எழுத வேண்டிய பரீட்சையெல்லாம் எழுதி, அழைப்பு வராமலே பாதி வயதைக் கழித்தவள். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களிடம், "போர்ட்டல்ல இன்னும் அப்டேட் ஆகலை" என்று சொல்லிச் சிரிப்பாள்.

விண்ணப்பம் பூர்த்தி செய்வதில் அவளிடம் ஒரு கறார் உண்டு. எந்தப் பெட்டியையும் காலியாக விடமாட்டாள். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிடும். நிரப்ப ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிறு கோடாவது போட வேண்டும். தனக்காக விண்ணப்பம் போடும்போதெல்லாம் 'தற்போதைய தொழில்' என்ற இடத்தில் அவள் அந்தக் கோட்டைத்தான் போட்டாள். இருபது வருடமாக, யோசிக்காமலே, விரல் தானாகப் போய்க் கோடு போட்டுவிடும்.

ஆனால் அவளுக்கு ஒரு தொழில் இருந்தது. அதைத் தொழில் என்று அவள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். வெங்கடேஷ் நடத்துகிற போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்துக்கு வாரம் ஒரு மாதிரி வினாத்தாள் போவது அவள் கையிலிருந்து. அதில் கடைசிப் பக்கத்தில் ஒரு புதிர் இருக்கும். நாலு பேர், நாலு வேலை, நாலு ஊர். யாருக்கு எந்த வேலை, யார் எந்த ஊர் என்று கண்டுபிடிக்க வேண்டும். வங்கித் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் பயந்து சாவது இந்தப் பகுதிக்குத்தான். ராஜகுமாரியின் புதிரைப் போட்டுப் பழகிவிட்டால் பயம் போய்விடும் என்று வாசுதேவநல்லூர், சிவகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் கூடச் சொல்வார்கள்.

புதிர் போடுவதற்கு அவளுக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் விடையை நோட்டில் எழுதிவிடுவாள். பிறகுதான் குறிப்புகள். தேவைக்கு அதிகமான குறிப்பு ஒன்று இருந்தாலும் அதை அடித்துவிடுவாள். இனி ஒன்றைக் கூட எடுக்க முடியாது, எடுத்தால் விடை குழம்பிவிடும் என்கிற இடத்தில் நிறுத்துவாள். கடைசியாக, நோட்டை மூடி வைத்துவிட்டு, அச்சான தாளை வைத்துக்கொண்டு, யாரோ போட்ட புதிர் மாதிரி தானே ஒருமுறை போட்டுப் பார்ப்பாள். ஒரே ஒரு விடை வந்தால்தான் தாள் கடையை விட்டு வெளியே போகும்.

பெயர்களுக்கு அவள் அலட்டிக்கொள்வதில்லை. அன்றைக்கு மேஜையில் எந்த விண்ணப்பம் கிடக்கிறதோ அந்தப் பெயர். வேலையும் ஊரும் வாயில் வந்தது.

இந்த ஆனி மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை, ஜரினா கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். ஜரினா கடையில் கூட வேலை செய்கிறவள், முப்பத்தொன்பது வயது, கடையநல்லூரில் பிறந்து இங்கே வாக்கப்பட்டவள். மாப்பிள்ளை பத்து வருடமாக சவூதியில், தம்மாமில். அவளும் பி.எட். முடித்தவள்தான். பொட்டலத்தில் பக்கத்து வீட்டுக் கதீஜம்மாள் கொடுத்துவிட்ட பூந்தி இருந்தது. கதீஜம்மாளின் மகள் ரிஸானாவுக்குக் கோயம்புத்தூரில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டதாம். நேற்றுப் போய்ச் சேர்ந்துவிட்டாளாம்.

"அவ இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னவல்லா" என்றாள் ராஜகுமாரி.

"நின்னா? எல்லாம் எழுதுன எழுத்துதான்க்கா. நர்ஸுன்னு இருந்திருக்கு, கோவைன்னு இருந்திருக்கு."

பூந்தியை வாயில் போட்டவள் மென்று முடிக்கவில்லை. நர்ஸ், கோவை. இந்த இரண்டு சொல்லும் இந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பார்த்த மாதிரி இல்லை, எழுதிய மாதிரி.

பழைய வினாத்தாள்களை அலமாரியின் அடித்தட்டில் வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தாள். நாலு வருடத்துக்கு முந்திய கட்டில், ஆடித்தபசுத் திருவிழா வாரத்துத் தாளில், அது இருந்தது.

'பேச்சிராஜ், ரிஸானா, ஜரினா, ராஜகுமாரி ஆகிய நால்வரின் வேலையும் ஊரும் வெவ்வேறு' என்று தொடங்கியது. வேலைகள்: டிரைவர், நர்ஸ், ஆசிரியர், ஒரு கோடு. ஊர்கள்: சென்னை, கோவை, தென்காசி, மதுரை.

அந்த வாரம் அவளுக்கு நினைவு வந்தது. தபசுக் கூட்டத்தில் கடைக்கு ஆள் வரவில்லை. மேஜையில் இரண்டே விண்ணப்பம் கிடந்தன. குருவிகுளத்துப் பேச்சிராஜுடையது ஒன்று, ரிஸானாவுடையது ஒன்று. மீதி இரண்டு பெயருக்கு ஜரினாவையும் தன்னையும் போட்டாள். வேலை மூன்றுதான் தோன்றியது. நாலாவது இடத்தில், தன் விண்ணப்பத்தில் போடுகிற அதே கோடு விழுந்தது.

பேச்சிராஜ் குரூப் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். சைக்கிளைத் தவிர வேறு ஒன்றும் ஓட்டத் தெரியாது. போன தீபாவளிக்கு அவன் போன் பண்ணியது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. "எக்கா, சென்னையில பஸ் ஓட்டுதேன், நம்ப முடியுதா?" என்று கேட்டான். அவள் நம்பிவிட்டு மறந்துபோனாள்.

நால்வரில் இரண்டு பேர் புதிர் சொன்ன இடத்துக்குப் போய்விட்டார்கள்.

தற்செயல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளை மடித்தாள். மடித்ததைப் பிரித்தாள். ஜரினா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்த மத்தியான நேரத்தில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றதும் வெளியே காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. கதவிடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் தாளை வைத்து, பென்சிலை எடுத்துக் கட்டம் போட ஆரம்பித்தாள்.

மூன்று சதுரங்கள். ஒன்றில் பெயருக்கு எதிரே வேலை, ஒன்றில் பெயருக்கு எதிரே ஊர், ஒன்றில் வேலைக்கு எதிரே ஊர். ஒவ்வொன்றிலும் பதினாறு கட்டம். பொருந்துவதற்கு டிக், பொருந்தாததற்கு இன்ட்டு. ஒரு கட்டத்தில் டிக் விழுந்தால் அந்த வரிசையிலும் அந்தப் பத்தியிலும் மிச்சமிருக்கிற ஆறு கட்டத்திலும் இன்ட்டு விழும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வெங்கடேஷ் ஒரு வாசகம் வைத்திருந்தான்: ஒருத்தருக்கு இடம் கிடைத்தால் ஆறு பேருக்குக் கதவு சாத்தும்.

முதல் குறிப்பு: பேச்சிராஜ் சென்னையில் இருக்கிறார். டிக். ஆறு இன்ட்டு.

இரண்டாவது: டிரைவர் இருப்பது சென்னையில். அப்படியானால் பேச்சிராஜ்தான் டிரைவர்.

மூன்றாவது: நர்ஸ் இருப்பது கோவையில்.

நாலாவது: ஆசிரியர் மதுரையில் இல்லை. சென்னை டிரைவருக்கும் கோவை நர்ஸுக்கும் போய்விட்டதால் ஆசிரியருக்குத் தென்காசிதான் மிச்சம். மதுரை அந்தக் கோட்டுக்கு.

ஐந்தாவது: ரிஸானா ஆசிரியர் இல்லை, மதுரையிலும் இல்லை. டிரைவர் வேலையைப் பேச்சிராஜ் கொண்டுபோய்விட்டான். கோடு மதுரையோடு போகிறது. ரிஸானாவுக்கு நர்ஸ், கோவை.

அதோடு தாள் முடிந்துவிட்டது. ஆறாவது குறிப்பு இல்லை.

கட்டத்தைப் பார்த்தாள். வேலைக்கும் ஊருக்குமான சதுரம் முழுதாக நிரம்பிவிட்டது. மற்ற இரண்டிலும் கீழ்மூலையில் நாலு நாலாக எட்டுக் கட்டம் வெள்ளையாக இருந்தது. ஜரினாவுடைய வரிசையும் அவளுடைய வரிசையும். ஒருத்திக்குத் தென்காசியில் ஆசிரியர் வேலை. இன்னொருத்திக்கு மதுரையில் ஒன்றுமில்லை.

அவள் கை தன்னையறியாமல் இடது மார்பின் ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு மாதமாக ஒரு கட்டி இருந்தது, நெல்லிக்காய் அளவு. இங்குள்ள டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, ஊசி போட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும், மதுரைக்குப் போ என்று கடிதம் எழுதிக் கொடுத்திருந்தார். கடிதம் கைப்பைக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜரினாவுக்கும் மதுரையில் ஒரு தேதி இருந்தது. தொண்டையில் தைராய்டுக் கட்டிக்கு ஆபரேஷன், அடுத்த மாதம்.

தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியர் இடம் ஒன்று காலி. இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டு, ஒரே பஸ்ஸில் போய், ஒரே நாளில் நேர்காணல் முடித்துவிட்டு வந்திருந்தார்கள். வருகிற வாரம் முடிவு. வரும்போது பஸ்ஸில் ஜரினா, "உனக்கே கிடைக்கட்டும்க்கா, எனக்கு இன்னும் வயசிருக்கு" என்றாள். ராஜகுமாரி, "போட்டி அங்கிட்டு" என்று செல்லமாக அவள் தொடையில் தட்டினாள்.

நாலு வருடத்துக்கு முன்பு அந்தத் தாள் போன இரண்டாம் நாள் வெங்கடேஷ் போன் செய்தது அவளுக்கு இப்போது வார்த்தை வார்த்தையாகக் கேட்டது. பிள்ளைகளுக்கு இரண்டு விடை வருகிறதாம். "எக்கா, ஜரினாக்காவையும் ஒங்களையும் மாத்திப் போட்டாலும் சரியாத்தான் வருது" என்றான். கடையில் கூட்டம். யார் தப்பு என்று பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, மனசும் இல்லை. அஞ்சாவது விடையாக 'தரவு போதாது' என்று போட்டுக்கொள்ளச் சொல்லி போனை வைத்துவிட்டாள். இருபது வருடத்தில் அச்சுத்தாளைத் தானே போட்டுப் பார்க்காமல் அனுப்பியது அந்த ஒரு வாரம்தான்.

விடை ஒன்றுதான் என்று நோட்டுக்குத் தெரியும். விடையை எழுதாமல் அவள் குறிப்பு எழுதியதே இல்லை.

நோட்டைத் தேடி எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அந்தப் பக்கத்தில், நீல மையில், விடை இருந்தது. ஜரினா, ஆசிரியர், தென்காசி. ராஜகுமாரி, கோடு, மதுரை. அதற்குக் கீழே ஆறு குறிப்பு. ஆறாவது: ஜரினா மதுரையில் இல்லை.

அது எப்படி விடுபட்டது என்பதும் விளங்கியது. பிரிண்டரில் நீளத்தாளுக்கான அளவு இருந்திருக்கிறது; போட்டது சின்னத் தாள். கடைசி வரி தாளுக்கு வெளியே விழுந்துவிட்டது. இதெல்லாம் விளங்கிய பிறகும் அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி வாசித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமும் மறுநாளும் அவள் ஒன்றும் செய்யவில்லை. வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பினாள். ஜரினா ஏதாவது சொன்னால் 'உம்' கொட்டினாள். ஜரினா தொண்டையைத் தடவிக்கொள்வதைப் பார்த்தாள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் தன் கையும் மேலே போவதைப் பார்த்தாள். எட்டு வெள்ளைக் கட்டம் கண்ணை மூடினாலும் தெரிந்தது. யாருடைய டிக்குக்கோ காத்துக்கொண்டு அவை அப்படியே திறந்து கிடந்தன. திறந்து கிடக்கும்வரை இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகாது என்று ஒரு நேரம் தோன்றியது. இன்னொரு நேரம், பள்ளிக்கூடத்துக்காரர்கள் அடுத்த வாரம் எப்படியும் ஒரு டிக் போடத்தான் போகிறார்கள் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஜரினா முன்பக்கம் நின்று ஒருவருக்கு ஆதார் அட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ராஜகுமாரி பழைய கோப்பைத் திறந்தாள். அச்சில் விழாத ஆறாவது வரி அதில் அப்படியே இருந்தது; அதை அழித்தாள். ஐந்து குறிப்புக்குக் கீழே கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

'6. ஜரினா தென்காசியில் இல்லை' என்று அடித்தாள்.

நாலு சொல் கூட இல்லை. இது வந்துவிட்டால் எட்டுக் கட்டமும் மறுபக்கமாக நிரம்பும். தென்காசி அவளுக்கு. வேலை அவளுக்கு. மதுரையும் அந்தக் கோடும் ஜரினாவுக்கு. புதிராகப் பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. ஒரே விடைதான் வரும்.

பிரிண்ட் பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தாள். முன்பக்கம் ஜரினா யாரிடமோ, "ரெண்டு பக்கமும் எடுக்கணுமா அண்ணாச்சி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் அவளுடைய செருப்பு கிடந்தது. ஒரு வார் பிய்ந்து ஊக்கு குத்தியிருந்தது. தென்காசி நேர்காணலுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள்.

ராஜகுமாரி அந்த வரியை அழித்தாள். ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். நோட்டில் இருந்ததையே அடித்தாள். தாள் அளவைச் சரிசெய்து, பொத்தானை அமுக்கிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

திரும்பி வரும்போது ஜரினா பிரிண்டர் பக்கத்தில் நின்றிருந்தாள். தாள் சின்னதாக இருந்ததால் கடைசி வரி இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. முழு வெள்ளைத் தாளில், உச்சியில், ஒரே ஒரு வரி. அந்தத் தாள்தான் ஜரினாவின் கையில் இருந்தது.

"ஜரினா மதுரையில் இல்லைன்னு போட்டிருக்கு" என்றாள். "என்னக்கா இது? அப்ப எனக்கு ஆபரேஷன் கிடையாதா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ராஜகுமாரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முதல் தாளையும் எடுத்தாள். அவளுக்கும் இதெல்லாம் பழக்கம்தான். கட்டம் போடாமல் விரல் மடக்கியே போட்டுவிடுவாள். உதடு அசைய ஒவ்வொரு குறிப்பாகப் படித்தாள். பேச்சிராஜ் வந்தபோது ஒரு முறை நிறுத்தினாள். ரிஸானா வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்ப எழுதுனது இது?"

"நாலு வருசம் ஆச்சு. தபசு சமயம்."

ஜரினா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டாள். மறுபடியும் தாளைப் பார்த்து, "அப்ப மதுரை ஒனக்குத்தான?" என்றாள்.

"ஆமா."

"நீ எதுக்கு மதுரைக்குப் போற?"

ராஜகுமாரி கைப்பையைத் திறந்து டாக்டரம்மாவின் கடிதத்தை எடுத்து நீட்டினாள். ஜரினா படித்தாள். படித்துவிட்டு அவள் அழவில்லை, அணைக்கவும் இல்லை. சண்டைக்கு வருகிறவள் மாதிரி எழுந்து நின்றாள்.

"ஒரு மாசமா பையிலயே வச்சிருக்க. நான் கூட வேலை பாக்குற ஆளா, இல்ல எதுத்த கடைக்காரியா?"

"சொல்லி என்னட்டி செய்ய?"

"சரி. இந்தக் கோடு என்னக்கா? மத்த மூணும் வேலை. இது என்னது?"

வேலை இல்லாதவர்களுக்குப் போடுகிற கோடு என்று ராஜகுமாரி சொன்னாள். விண்ணப்பத்தில் தனக்கு எப்போதும் போடுவதுதான், கை பழக்கத்தில் விழுந்துவிட்டது என்றாள். சொல்லிக்கொண்டு வரும்போதே குரல் இறங்கியது. அந்தத் தாளில் அந்தக் கோடு ஒரு வேலையின் பெயர் இல்லாத இடமாக அவளுக்குத் தெரியவில்லை. ஒரு ஆளே இல்லாத இடமாகத் தெரிந்தது. அதை அவள் ஜரினாவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இத்தனை வருசமா ராத்திரி பகலா உக்காந்து புதிர் போடுத. அந்த வெங்கடேஷ் தம்பி பொழைக்கதே ஒன்னாலதான். நீ சும்மா இருக்குறவளா? ஒன் பெட்டியை நீயே காலியா விட்டுட்டு, கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிருமோன்னு பயந்தா எப்படி?"

மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

ராஜகுமாரி அன்றைக்குப் பென்சிலால் போட்ட கட்டத்தை எடுத்து விரித்து உட்கார்ந்தாள். விடையை மாற்ற முடியாது. அது அவளுக்குத் தெரியும். ஜரினா மதுரையில் இல்லை என்ற ஒரு இன்ட்டு விழுந்தாயிற்று. மிச்சமுள்ள ஏழு கட்டமும் தானாக நிரம்பும், ஒன்றையும் தடுக்க முடியாது. ஆனால் பத்தியின் தலையில் என்ன பெயர் எழுத வேண்டும் என்பது புதிர் போடுகிறவளின் கையில் இருக்கிறது. அதை எந்தக் குறிப்பும் சொல்வதில்லை.

கோட்டின் மேலேயே எழுதினாள்: புதிர் போடுபவர். பிறகு ஜரினா பார்த்துக்கொண்டிருக்க, எட்டுக் கட்டத்தையும் நிரப்பினாள். கடைசி டிக்கைத் தன் பெயருக்கும் மதுரைக்கும் நேரே போட்டபோது பேனா தாளைக் கிழித்துக்கொண்டு மேஜையில் இறங்கியது.

செவ்வாய்க்கிழமை தென்காசியிலிருந்து ஜரினாவுக்கு போன் வந்தது. முதல் தேதியிலிருந்து வரச் சொன்னார்கள். புதன்கிழமை, ஆபரேஷனுக்கு முன்பாக எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு மாத்திரை போதும், மதுரைக்கு வர வேண்டாம் என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னவள், சொன்ன வாயோடு ராஜகுமாரியைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ராஜகுமாரி மதுரைக்குப் புறப்பட்டாள். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஜரினா பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கூட வாரேன்னு சொன்னா விடமாட்டதான?"

"நீ அங்கன வரக்கூடாதுட்டி" என்றாள் ராஜகுமாரி. "நீ மதுரையில் இல்லை."

ஜரினா தலையாட்டினாள். பஸ் நகர்ந்தபோது கம்பியை விட்டுவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய் நின்றாள், ஏதோ கோட்டைத் தாண்டிவிடக் கூடாது என்பது போல.

மதுரை ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் இடத்தில் நீண்ட வரிசை. அவள் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பெயர், வயது, ஊர் கேட்டாள். பிறகு, "தொழில்?"

"புதிர் போடுதேன்."

"என்னம்மா?"

"பரீட்சைக்கு வர்ற புதிர் இருக்குல்லா. டிக்கு, இன்ட்டு போட்டுக் கண்டுபிடிக்கிறது. அதை எழுதுறது."

அந்தப் பெண் திரையில் எதையோ மேலும் கீழும் ஓட்டினாள். பட்டியலில் அப்படி ஒரு தொழில் இல்லை என்றும், இல்லத்தரசி என்று போட்டுவிடவா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றாள் ராஜகுமாரி. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் 'இதர' என்பதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லி, ஒரு சீட்டை அச்சிட்டுத் தள்ளினாள்.

சீட்டில் பெயர் இருந்தது, வயது இருந்தது, ஊர் இருந்தது. தொழிலுக்கு நேரே ஒரு சிறு கோடு இருந்தது.

ராஜகுமாரி வரிசையை விட்டு விலகி, சுவரோடு சாய்ந்து நின்று, பைக்குள் பேனாவைத் தேடினாள். சீட்டைச் சுவரில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கோடு மறையும்படி, திருத்தமான எழுத்தில் எழுதினாள். எழுதி முடித்த மறுநிமிடம் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆறு மாதம் கழித்து ஒரு முறை வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். தென்காசியிலிருந்து ஜரினா போனில் அழுதாள். கடை வழக்கம்போல நடக்கிறது. வாராவாரம் புதிர் போகிறது. ஆனால் இப்போது அதில் வருகிறவர்கள் அ, ஆ, இ, ஈ மட்டும்தான். பெயர் போட்டால் பிள்ளைகளுக்கு வாசிக்க வசதியாக இருக்குமே என்று வெங்கடேஷ் இரண்டு முறை கேட்டுப் பார்த்தான். எந்தப் பிள்ளைக்கு எந்த ஊர் என்று தான் முடிவு செய்ய வேண்டாம் என்று அவள் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. அச்சுத்தாளைப் போட்டுப் பார்க்காமல் அவள் ஒரு தாளையும் வெளியே விடுவதில்லை.

ஆறு மாதத்துக்குப் பிறகான தேதியைப் போட்டு ஆஸ்பத்திரி கொடுத்த சீட்டு, மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. வாங்கிய அன்றைக்கே அதைப் பார்த்தாள். பெயர், வயது, ஊர் எல்லாம் சரியாக இருந்தன. தொழிலுக்கு நேரே, கம்ப்யூட்டர் மறுபடியும் கோடு போட்டிருந்தது.

அவள் வியக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள்.